மாதப் பெயர் வைத்தால் ஆண்டு ஆகிவிடுமா?

சிறுகவிதைகளைக் கோத்து ஓர் ஆண்டைச் சொல்ல விரும்பும் இளைஞருக்கு நம் இலக்கியச் சூழல் இரண்டு அறிவுரைகளைத் தயாராக வைத்திருக்கிறது. முதலாவது, மாத வரிசை போதும், சித்திரையில் தொடங்கிப் பங்குனியில் முடித்தால் தொகுப்பு தானாகவே நிற்கும் என்பது. இரண்டாவது, ஒரு கவிதையில் வந்த படிமம் இன்னொன்றில் வரக்கூடாது, வந்தால் கற்பனை வறட்சி என்பது. நூல் மதிப்புரைகளில் ‘வந்த படிமமே திரும்ப வருகிறது’ என்று எழுதிவிட்டால் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை. கைப்பிரதியைத் திருத்தும் பதிப்பாசிரியரும் பென்சிலால் இரண்டு மரத்தை வட்டமிட்டு ‘ஏற்கெனவே வந்துவிட்டது’ என்று எழுதுகிறார். இந்த இரண்டு அறிவுரைகளும் தவறு. ஒன்றாகச் சேர்த்தால் இன்னும் பெரிய தவறு. இவற்றைக் கடைப்பிடித்தால் கிடைப்பது ஆண்டு அல்ல, தினசரிக் காலண்டரில் கிழித்தெடுத்த தாள்கள்.

இவற்றுக்கு அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: சிறுகவிதை தனியாக, முழுமையாக நிற்க வேண்டும். சான்றாக ஹைக்கூவைக் காட்டுகிறார்கள். ஜப்பானியரின் கவிதை பற்றி பாரதி சுதேசமித்திரனில் எழுதியது 1916இல். அதன்பின் நூறு ஆண்டுகளாக ஹைக்கூ நமக்கு ஒற்றை முத்தாகவே அறிமுகமாகி வந்திருக்கிறது. ஆனால் அதன் பிறப்பிடத்தில் அது ஒற்றையாக இருந்ததில்லை. பலர் கூடிப் பாடும் தொடர்கவிதையின் முதல் கண்ணி அது. ஹொக்கு என்று பெயர். அதைக் கழற்றித் தனி வடிவமாக நிறுத்தியவர் மசவோகா ஷிகி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். நாம் ஹைக்கூ மேதை என்று கொண்டாடும் பாஷோ, தன் காலத்தில் தொடர்கவிதை நடத்தும் ஆசானாக வாழ்ந்தவர். தனித்து நிற்பதே சிறுகவிதையின் இயல்பு என்று சொல்ல ஹைக்கூவைத் துணைக்கு அழைப்பவர்கள், சாட்சியை முழுதாக விசாரிக்கவில்லை.

விசாரித்தவர்கள் வேறொரு எதிர்வாதத்தோடு வருவார்கள். அது பலமானதுதான். ஜப்பானியத் தொடர்கவிதையின் சட்டங்களே திரும்பி வருவதைத் தடை செய்கின்றன என்பார்கள். உண்மை. ஒரு கண்ணி தனக்கு முந்தியதோடு சேர வேண்டும். அதற்கும் முந்தியதற்குத் திரும்பிப் போகக்கூடாது. சில சொற்கள் குறிப்பிட்ட இடைவெளி கடக்காமல் மறுபடி வரக்கூடாது. ஆனால் அதே சட்டப் புத்தகத்தின் மறுபக்கத்தையும் புரட்ட வேண்டும். முப்பத்தாறு கண்ணிகள் கொண்ட கசென் என்ற வடிவத்தில் நிலவுக்கு மூன்று இருக்கைகள் உண்டு: வழக்கமாக 5, 14, 29ஆம் இடங்கள். பூவுக்கு இரண்டு: 17, 35. தேவைப்பட்டால் கொஞ்சம் முன்பின் நகர்த்துவார்கள். ஆனால் நிலவும் பூவும் திரும்பி வந்தே ஆக வேண்டும். அதாவது அந்த மரபு தடுத்தது திரும்புதலை அல்ல, உடனே திரும்புவதை. இடைவெளியைச் சட்டமாக்கியது. ‘வந்தது வரக்கூடாது’ என்பதும் ‘வந்தது எப்போது வரலாம்’ என்பதும் எதிரெதிர்க் கேள்விகள்.

காலண்டர் விஷயத்துக்கும் அங்கேயே ஒரு பதில் இருக்கிறது. கி.பி. 905 வாக்கில் அரச ஆணையால் தொகுக்கப்பட்ட கொகின்ஷூவின் முதல் ஆறு பகுதிகள் பருவங்கள்: வசந்தம் இரண்டு, கோடை ஒன்று, இலையுதிர்காலம் இரண்டு, குளிர்காலம் ஒன்று. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பேர் எழுதிய சிறுகவிதைகள் அவை. அவற்றை நகர்த்துவது தேதி அல்ல. பூக்காத மரத்துக்குக் காத்திருக்கும் கவிதைகள், பூத்தவை, உதிர்பவை, உதிர்ந்தபின் வெறும் கிளையைப் பார்ப்பவை என்று செர்ரி மலரே மறுபடி மறுபடி வந்து காலத்தைத் தள்ளிக்கொண்டு போகிறது. வேடிக்கை என்னவென்றால், அந்தத் தொகுப்பின் முதல் கவிதையே நாள்காட்டிக் குழப்பம் பற்றியது. பழைய ஆண்டு முடியும் முன்பே வசந்தம் வந்துவிட்டது. இதைப் போன வருடம் என்பதா, இந்த வருடம் என்பதா? ஆண்டைத் தொகுக்க உட்கார்ந்தவர்கள் வாசலிலேயே நாள்காட்டியை நம்பாதே என்று எழுதி மாட்டிவிட்டார்கள்.

ஜப்பான் வரை போனது எதிர்த்தரப்பு அங்கிருந்து சான்று கொண்டுவந்ததால். நம் வீட்டிலேயே ஐங்குறுநூறு இருக்கிறது. மூன்றடி முதல் ஆறடி வரையிலான ஐந்நூறு பாட்டுகள், பத்துப் பத்தாகக் கோத்தவை. பல பத்துகளுக்குப் பெயரே திரும்பி வரும் பொருள்தான்: நண்டு வந்தால் கள்வன் பத்து, குரங்கு வந்தால் குரக்குப் பத்து. அம்மூவனாரின் வெள்ளாங்குருகுப் பத்தில் பத்துப் பாட்டும் ஒரே இரண்டடிகளில் தொடங்குகின்றன. குருகின் குஞ்சைக் காணப்போன அதே நாரை பத்து முறையும் வருகிறது. மூன்றாம் அடியில்தான் பாட்டு பிரிகிறது: ஒன்றில் அது மிதித்ததால் நெய்தல் இதழ் விரிகிறது, ஒன்றில் அது அரற்றுகிறது, ஒன்றில் கோதி உதிர்த்த இறகு கிடக்கிறது. இன்றைய பதிப்பாசிரியரின் பென்சில் அம்மூவனாருக்கு ஒரு பாட்டைத்தான் மிச்சம் வைத்திருக்கும்.

ஐங்குறுநூறு ஓர் ஆண்டைச் சொல்லவில்லை என்று மறுக்கலாம். சரிதான். அந்தப் பத்துகளில் காலம் நகர்வதில்லை. ஒரே நிலைமையைப் பத்துப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம். ஆண்டைச் சொல்லும் தொடருக்குக் கூடுதலாக ஒன்று தேவை. திரும்பி வரும் பொருள் ஒவ்வொரு முறையும் ஏதாவதொன்றை இழந்தோ பெற்றோ வர வேண்டும். இதைப் பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதனால் வாதத்துக்காக ஒரு தொடரை இங்கேயே கட்டிக் காட்டுகிறேன். கவிதைகள் எளியவை, வேண்டுமென்றே.

சென்னையில் ஒரு வாடகை வீடு, முதல் மாடி. பதினோரு மாத ஒப்பந்தம், வைகாசியில் தொடங்குகிறது. நடுவில் ஊரிலிருந்து அத்தை வந்து தங்கி, தீபாவளி முடிந்து திரும்பிப் போகிறாள். கதை அவ்வளவுதான். முப்பத்திரண்டு கவிதைகள் என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் மூன்று பொருள்கள் திரும்பி வருகின்றன: எதிர்வீட்டு முருங்கை, பிளாஸ்டிக் குடம், மின்வாரிய ரீடிங் அட்டை. மூன்றையும் மனம்போன போக்கில் எடுக்கவில்லை. முருங்கை தானாக மாறும்: துளிர்க்கும், பூக்கும், கம்பளிப்பூச்சி பிடிக்கும், ஐப்பசி கார்த்திகைக் காற்றில் முதல் ஆளாக ஒடியும். குடம் மாறாது, அதன் வேலை மாறும். கோடையில் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்பது, மழையில் ஒழுகும் இடத்துக்கு அடியில் போய் உட்கார்கிறது. அட்டை மாறுவதுமில்லை, வேலை மாறுவதுமில்லை. அதிலுள்ள எண் மட்டும் மாறுகிறது. ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. நம் பெரும்பொழுதும் இரண்டு மாதத்துக்கு ஒன்றுதான். கார், கூதிர் என்று எழுதாமலேயே மின்வாரிய ஊழியர் பருவங்களைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார்.

முருங்கைக் கவிதைகள் ஐந்தை மட்டும் தருகிறேன். தொடரில் இவற்றுக்கு நடுவே வேறு கவிதைகள் இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாமான் இறக்கிய ஆள்
நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:
எதிர்வீட்டு முருங்கை
நம்ம பக்கம்தான் சாஞ்சிருக்கு.

பகலிலேயே லைட்டைப் போட்டு
அரிசி களைகிறாள் அத்தை.
ஜன்னல் முழுக்க
முருங்கை.

கைக்கெட்டும் கிளைதான்.
கேட்டுட்டுப் பறி என்கிறாள்.
யாரைக் கேட்பது,
பூட்டிய வீட்டில்?

இரவெல்லாம் காற்று.
விடிந்தால்
சமையலறையில்
இவ்வளவு வெளிச்சம்.

ஒடிந்த மொட்டையில்
விரல் நீளத் துளிர்.
போனில் சொன்னேன் அத்தைக்கு.
பறிச்சிடாதே என்றாள்.

நான்காவது கவிதையை மட்டும் தனியே எடுத்து ஒரு பத்திரிகைக்கு அனுப்பினால் திரும்பி வரும். நியாயமாகவே திரும்பும். காற்றடித்தது, வெளிச்சம் வந்தது, அப்புறம்? அதில் முருங்கை என்ற சொல்லே இல்லை. ஆனால் தொடரில் அதுவரை வந்தவருக்கு அதுதான் மரம் விழுந்த செய்தி. சமையலறை எவ்வளவு இருட்டாக இருந்தது என்று அவருக்குத் தெரியும். விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றவள் இப்போது அங்கே இல்லை என்பதும் தெரியும். இரண்டு இழப்பையும் ‘இவ்வளவு வெளிச்சம்’ என்ற சந்தோஷமான சொல் சுமக்கிறது. தனித்து நிற்க வேண்டும் என்ற விதிக்கு இந்தக் கவிதையைக் கட்டுப்படுத்தினால் என்ன ஆகும்? ‘முருங்கை விழுந்த மறுநாள்’ என்று தலைப்பு வைக்கச் சொல்வார்கள். வைத்தால் தனியாக நிற்கும், தொடரில் செத்துப்போகும். ‘கார்த்திகை’ என்று மாதப் பெயர் வைத்தாலும் அதே கதிதான். கார்த்திகை என்றதும் வாசகர் காற்றையும் மழையையும் எதிர்பார்த்துக் கொண்டுதான் உள்ளே வருகிறார். காற்று பருவத்தின் வேலையாகிவிடுகிறது, அந்த வீட்டின் சம்பவமாக இருப்பதில்லை.

ஐந்தாவதையும் பாருங்கள். பறி என்றவளே பறிக்காதே என்கிறாள். அந்தத் திருப்பம் மூன்றாவது கவிதை இருந்தால்தான் உண்டு. மரம் இரண்டு முறை வந்தது என்று ஒன்றை நீக்கினால், மிஞ்சிய ஒன்று வெறும் தகவல். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இரண்டாவதையும் மூன்றாவதையும் இடம் மாற்றினால் இந்தத் தொடருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. அது பலவீனம்தான். திரும்பி வரும் படிமத்துக்கு நான் வைக்கும் சோதனையே அதுதான். ஒரு பொருள் வரும் கவிதைகளை மட்டும் தனியே எடுத்து வரிசையாகப் படியுங்கள். பிறகு பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டை மாற்றிப் படியுங்கள். எதுவும் உடையவில்லை என்றால் அங்கே காலம் நகரவில்லை, படிமம் சும்மா வந்திருக்கிறது. அப்போது மதிப்புரையாளரின் குற்றச்சாட்டு செல்லும். நம் தொகுப்புகளில் மழையும் மௌனமும் சிறகும் நிலவும் அப்படித்தான் வருகின்றன: கவிஞருக்கே தெரியாமல், கை போன பழக்கத்தில். அதைக் கண்டிப்பதில் எனக்கு மறுப்பில்லை. பழக்கத்தைக் கண்டித்த அதே வாக்கியத்தை, திட்டமிட்டுத் திரும்பும் படிமத்தின் மீதும் சாத்துவதைத்தான் மறுக்கிறேன்.

இனி ரீடிங் அட்டை. இந்தக் கவிதைகள் ஐந்தும் மந்தமானவை, மந்தமாகவே இருக்க வேண்டியவை. ஊழியர் அட்டையைச் சுவரில் வைத்து எழுதுகிறார். பேனா எழுதாமல் உதறுகிறார். அடுத்த முறை அவருக்குத் தண்ணீர் கொடுக்கிறார்கள். அதற்கடுத்த முறை அத்தை அவர் எந்த ஊர் என்று கேட்கிறாள். மார்கழியில் வருவது இது:

எண்ணைப் பார்த்து
ஒருமுறை சரிபார்த்து
எழுதினார்.
இந்தவாட்டி கம்மிதான்.

ஏன் கம்மி? மழைக்காலம், மின்விசிறி ஓடவில்லை. மரம் விழுந்ததால் பகலில் சமையலறை விளக்கு தேவைப்படவில்லை. வீட்டில் ஓர் ஆள் குறைந்திருக்கிறது. மூன்று காரணங்களும் மூன்று வெவ்வேறு இழைகளிலிருந்து வந்து இந்த ஒரு சொல்லில் முடிச்சாகின்றன. ஊழியருக்கு மூன்றுமே தெரியாது, வாசகருக்கு மூன்றும் தெரியும். முதல் மூன்று அட்டைக் கவிதைகள் பளபளப்பாக இருந்திருந்தால் வாசகர் அவற்றை ரசித்துவிட்டு நகர்ந்திருப்பார். நான்காவதற்காகக் கணக்கு வைத்திருக்க மாட்டார்.

ஒவ்வொரு கவிதையும் முத்தாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு தொடர்களைக் கெடுப்பது இந்த இடத்தில்தான். இடைக்கால ஜப்பானில் நூறு கவிதைத் தொடர்களைக் கட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. தரை போன்ற கவிதைகள், அதன்மேல் வேலைப்பாடு போன்ற கவிதைகள் என்று இரண்டு வகையாகப் பிரித்துப் பேசினார்கள். தரைக் கவிதை தோற்றுப்போன கவிதை அல்ல, வேலைப்பாட்டைத் தாங்கும் பரப்பு. நம் போட்டிகளும் விமர்சனக் கூட்டங்களும் தொகுப்பைப் பிரித்து, சிறந்த ஐந்தை வாசித்து, மீதியை ‘சுமார்’ என்று தள்ளும் முறையில் நடக்கின்றன. அந்த முறைக்குத் தரைக் கவிதை கண்ணில் படாது. அதனால் கவிஞர்களும் அதை எழுதப் பயப்படுகிறார்கள். முப்பத்திரண்டு கவிதையும் முப்பத்திரண்டு உச்சமாக வந்து, பத்தாவதிலேயே வாசகருக்கு மூச்சு வாங்குகிறது.

குடத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அது கெட்டுப்போகக்கூடிய விதத்தை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் திரும்பும் படிமத்தை ஏற்றுக்கொண்டவர்கள் விழும் குழி அது. குடத்தை நான்கு கவிதைக்கு ஒருமுறை சீராக வைத்தால், மூன்றாவது வருகையிலேயே வாசகர் எண்ணத் தொடங்கிவிடுவார். அப்புறம் அது பல்லவி. பாட்டுக்குப் பல்லவி அழகு. ஓர் ஆண்டு பல்லவி பாடிக்கொண்டு கழிவதில்லை. அதனால் இடைவெளி கோணலாக இருக்க வேண்டும். கோடையில் அடுத்தடுத்த இரண்டு கவிதைகளில்கூடக் குடம் வரலாம், தண்ணீர்ப் பஞ்சம் வேறு எதையும் நினைக்க விடாது. பிறகு ஒன்பது கவிதைகளுக்குக் காணாமல் போகலாம். வாசகர் அதை மறந்திருக்கும்போது, நடு இரவில் ஒழுகும் கூரைக்கடியில் ‘சொட்’ என்ற சத்தமாக வரலாம். குடம் என்ற சொல்கூட வேண்டாம். இன்னொரு ஆபத்து விளக்கம் சொல்வது. ‘காலிக் குடம் போல என் மனம்’ என்று ஒருமுறை எழுதிவிட்டால் முடிந்தது. அதன் பின் எங்கே குடம் வந்தாலும் வாசகர் அதில் மனதைத்தான் பார்ப்பார், தண்ணீரைப் பார்க்க மாட்டார்.

மூன்று பொருள் ஏன், ஏழு ஏன் இல்லை என்று கேட்கலாம். முப்பத்திரண்டு சிறுகவிதைகளில் ஏழு பொருள் திரும்பினால் ஒவ்வொன்றுக்கும் நான்கு வருகை கூடக் கிடைப்பது கடினம். முதல் வருகை அறிமுகத்துக்கே செலவாகிவிடும், இரண்டாவது நினைவூட்டலுக்கு. மாற்றம் நிகழ மூன்றாவதிலிருந்துதான் இடம். ஏழும் அறிமுகமாகி, ஏழும் ஒருமுறை தலைகாட்டி, தொடர் முடிந்துவிடும். நூறு கவிதை எழுதுபவர் ஏழு வைத்துக்கொள்ளட்டும்.

கடைசியாக, பன்னிரண்டாவது மாதம். இந்தத் தொடரில் சித்திரை கிடையாது. வைகாசியில் குடிவந்து பங்குனியில் ஒப்பந்தம் முடிகிறது. மாத வரிசைக்காரர்களுக்கு இது பொறுக்காது. ஓர் ஆண்டு என்றால் பன்னிரண்டு வேண்டாமா, சித்திரைக்கு ஒரு கவிதை எழுதி முன்னாலோ பின்னாலோ சேர்த்துவிடலாமே என்பார்கள். பஞ்சாங்கத்தில் ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம். வாடகைக்கு இருப்பவருக்குப் பதினொன்று. வீடு மாறிக்கொண்டே இருப்பவர் வாழ்க்கையை ‘சித்திரை 1’ என்று தொடங்கி எழுதினால் அது சொந்த வீட்டுக்காரரின் ஆண்டாகிவிடும். முருங்கையும் குடமும் அட்டையும் வைகாசி முதல் பங்குனி வரை தம் வேலையைச் செய்து முடித்திருந்தால், வாசகர் பன்னிரண்டாவது எங்கே என்று தேட மாட்டார். தேடினால் தவறு வேறெங்கோ இருக்கிறது, மாதக் கணக்கில் இல்லை.

இப்படி ஒரு தொடரைக் கட்டும்போது நிச்சயம் ஒரு நல்ல கவிதை வெளியே நிற்கும். முருங்கையோ குடமோ அட்டையோ இல்லாமல், அவற்றுக்கு அருகில் தரையாகவும் இல்லாமல், ரயில் நிலையத்தில் பார்த்த யாரோ ஒருவரைப் பற்றி, மிக அழகாக, ‘ஆடி’ என்று தலைப்பிட்டு எழுதிய கவிதை. மாதம் பொருந்துகிறது என்பதற்காக அதை உள்ளே விடக்கூடாது. உள்ளே வந்தால் வாசகர் அந்த ஆளை மறுபடி எதிர்பார்க்கத் தொடங்குவார். அவர் வர மாட்டார். அதை ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பிவிடலாம். தனித்து நிற்கும் கவிதையைத்தானே அவர்கள் கேட்கிறார்கள்.